இருபத்துநாலு மணி நேர நோட்டீஸ்

கண்ணைத் திறந்தபோது கட்டில் காலருகே வீட்டுக்கார அம்மா நின்றிருந்தார். ஒரு கையில் நல்லெண்ணெய் பாட்டில், மறு கையில் எங்கள் வீட்டுச் சாவி.

"தூங்கு கண்ணு, தூங்கு. நீ எந்திரிக்காத. நான் வெளக்கேத்திப்போட்டுப் போயிக்கறேன்" என்றார்.

நான் நைட்டியோடு மல்லாந்து கிடந்தேன். முந்தின இரவு எட்டு மணிக்கு வார்டுக்குள் போனவள், காலையில் வீடு திரும்பி, மகளைப் பள்ளிக்கு அனுப்பி, ரெண்டு வாய் சோறு தின்று படுத்ததே பத்து மணிக்குத்தான். இப்போது மணி பதினொன்று. பூஜை மாடம் இருப்பது கூடத்தில். விளக்கு ஏற்ற வந்தவருக்கு என் படுக்கையறையில் என்ன வேலை? கேட்கவில்லை. "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் ஜெனரல் வார்டைத் தவிர எந்த அறைக்குள் போனாலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் போவோம். ஊசி போட்டால்தான் உயிர் பிழைப்பார் என்கிற பேஷன்டாக இருந்தாலும் அப்படித்தான். எனக்கு அந்த மரியாதைகூட இல்லை.

அந்த விளக்கு விவகாரத்துக்கு ஒப்புக்கொண்டவள் நானேதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

துடியலூர்ப் பக்கம் அந்த வீட்டைப் பிடிக்க எனக்கு நாலு மாதம் ஆனது. நானும் மகளும் மட்டும்தான். கணவர் மஸ்கட்டில் டிரைவர். மகள் ப்ளஸ் டூ போகிற வருடம். என் ஆஸ்பத்திரிக்கும் அவள் பள்ளிக்கும் நடுவில் ஒரு வீடு வேண்டும், மார்ச் மாதம் பரீட்சை முடியும்வரை யாரும் எங்களைக் கிளப்பிவிடக் கூடாது. என் வேண்டுதல் அவ்வளவுதான். பார்த்த வீடுகளில் பாதியில் "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேராகவே கேட்டார்கள். மீதிப் பாதியில் கொஞ்சம் சுற்றி வளைத்து, "எந்த ஊருங்க, எந்தக் கோயிலுங்க?" என்றார்கள். பதில் சொன்னதும் வீடு ஏற்கெனவே யாருக்கோ பேசி முடித்ததாகிவிடும். மறுவாரமும் அந்தக் கேட்டில் டு-லெட் போர்டு தொங்கும்.

இந்த வீட்டைக் காட்டிய புரோக்கருக்கு எங்கள் மேல் இரக்கமா, கமிஷன் மேல் ஆசையா, தெரியவில்லை. வீட்டுக்கார அம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே, "கொடுமுடிப் பக்கமுங்க, நம்ம பக்கத்து ஆளுங்கதானுங்க" என்று அடித்துவிட்டார். என் பெயரும் சரி, மகள், கணவர் பெயர்களும் சரி, கேட்டால் ஆள் யாரென்று தெரியாத பெயர்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். "காவேரிக்கரைங்களா! நல்ல பூமிங்க" என்று அம்மாவின் முகம் மலர்ந்தது. காரமடைப் பக்கம் தோட்டமும், பக்கத்துத் தெருவில் புதிதாகக் கட்டிய மாடி வீடும் உள்ள குடும்பம். நாங்கள் வந்த வீடு, அவர் மாமனார் டவுனுக்கு வந்து முதன்முதலாகக் கட்டியது. கூடத்துச் சுவரில் ஒரு பூஜை மாடம். அதில் மாமனாரின் படமும் ஒரு காமாட்சி விளக்கும்.

"ஏனுங்க அம்மணி, ஒண்ணே ஒண்ணு. அவுரு கட்டுன மொத ஊடுங்க இது. அமாவாசைக்கு அமாவாசை வந்து ஒரு வெளக்கு ஏத்திப்போட்டுப் போயிருவேன். அதுக்கு மட்டும் நீங்க சரிங்கோணும்."

இப்படிக் கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? ஒப்பந்தம் எழுதும்போது அவருடைய மகன் அதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டார். பம்ப் கம்பெனியில் ஏதோ பெரிய வேலை, எல்லாம் முறைப்படி இருக்க வேண்டும் அவருக்கு. பதினோரு மாத ஒப்பந்தம். அதை ஆன்லைனில் பதிவு செய்து, எண் போட்டு, எனக்கும் ஒரு நகல் கொடுத்தார். ஒரு சாவியைத் தந்து, இன்னொன்றை "ஆத்திர அவசரத்துக்கு" என்று தன் அம்மாவிடமே வைத்தார். இரண்டு சாவியையும் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீடு கிடைத்த சந்தோஷத்தில் புத்தி மழுங்கிக் கிடந்தது.

ஜூன் அமாவாசைக்கு வந்தார். மாடத்தைத் துடைத்தார், விளக்கேற்றினார், போனார். ஜூலையில் வந்தவர் சமையலறையையும் எட்டிப் பார்த்தார். "என்ன கொழம்பு வெச்சிருக்கிற அம்மணி?" என்று மூடியைத் திறந்தார். அது பருப்புக் குழம்பு. கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டுக்கொண்டு சப்புக்கொட்டினார். "உப்பு ஒரு கல்லு தூக்கலு. ஆனா மணக்குது" என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து காபியும் குடித்துவிட்டுத்தான் போனார். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது. கணவன் பக்கத்தில் இல்லாத வீட்டில் ஒரு பெரியவர் உரிமையோடு வந்து உட்காருகிறாரே என்று. அந்த உரிமைக்குப் பின்னால் என்ன நினைப்பு இருக்கிறது என்பதை வேண்டுமென்றே மறந்திருந்தேன்.

அதற்கப்புறம் அமாவாசை தேவைப்படவில்லை. தெருப்பக்கம் போகும்போது ஒரு எட்டு, டேங்க்கில் தண்ணீர் நிரம்பியதா என்று ஒரு எட்டு, கொடியில் காயும் துணி மழையில் நனைகிறதே என்று ஒரு எட்டு. மணி அடிப்பதெல்லாம் கிடையாது. உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். மகளுக்குப் பள்ளி சில நாள் மதியமே விட்டுவிடும். நான் தூங்கினால் மணிச் சத்தம் கேட்டும் எழமாட்டேன். ஒரு தடவை அவள் வெயிலில் முக்கால் மணி நேரம் கேட்டில் நின்றாள். அன்றிலிருந்து தாழ்ப்பாள் போடுவதில்லை. அவளிடம் இருந்த சாவியும், அந்த அம்மாவிடம் இருந்த சாவியும் ஒரே பூட்டுக்குத்தான்.

வீட்டில் எங்களுடைய பைபிள் பீரோவுக்குள் இருந்தது. துணிக்கு அடியில். சர்ச் காலண்டரை மாட்டவில்லை. எங்கள் கல்யாணப் படம், நான் வெள்ளைச் சேலையில், பக்கத்தில் பாதிரியார் நிற்க, தலையணை உறைக்குள் சுற்றி பீரோவின் மேல்தட்டில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக வேண்டுமென்றால் மூன்று பஸ் ஸ்டாப் தள்ளி உள்ள மாதா கோயிலுக்குப் போனோம். "ஏம்மா நாம திருடுனமா?" என்று மகள் ஒருமுறை கேட்டாள். "பரீட்சை முடியட்டும்" என்றேன். அந்த வருடம் எதைக் கேட்டாலும் என்னிடம் அந்த ஒரே பதில்தான் இருந்தது.

கட்டில் காலருகே அந்த அம்மா நின்ற அன்று மத்தியானம் எனக்குத் தூக்கமே வரவில்லை. அன்று இரவு டியூட்டியில் ஒரு மாத்திரையை மாற்றி எடுத்துவிட்டேன். கொடுக்கவில்லை, கையில் எடுத்தேன், கூட இருந்த சிஸ்டர் பார்த்துவிட்டாள். இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் யாராவது சாவார்கள் என்று நினைத்தேன்.

அந்த வாரம் தனி அறையில் ஒரு பெண் வக்கீல் இருந்தார். பித்தப்பையில் கல், ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். டிரிப் மாற்றும்போது கேட்டேன். நோயாளியிடம் சொந்தக் கதை பேசக்கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் வயிற்றெரிச்சல் யாரை விட்டது?

அவர் படுத்தபடியே சொன்னார். "சட்டம் இருக்குதுங்க சிஸ்டர். வாடகைக்கு விட்டதுக்கப்புறம், ஊட்டுக்காரங்க நெனச்ச நேரத்துக்கு உள்ள வர முடியாது. இருபத்துநாலு மணி நேரம் முன்னாடி எழுத்துல குடுக்கோணும். எதுக்கு வாரோம், எந்த நாளு, எத்தன மணிக்குன்னு அதுல இருக்கோணும். ராத்திரியில வந்து நிக்கறதெல்லாம் ஆகாது."

"எதுக்கு வேணும்னாலும் வரலாங்களா?"

"ரிப்பேர் வேலைக்கு வரலாம். ஊடு குடியிருக்கற நெலமையில இருக்குதான்னு பாக்க வரலாம். அப்புறம், அக்ரிமென்ட்ல எழுதியிருக்கற நியாயமான காரணத்துக்கு வரலாம். தீப்பிடிச்சுது, வெள்ளம் வந்துதுன்னா அப்ப நோட்டீசெல்லாம் வேண்டாம், அது வேற."

விளக்கைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார், சிரித்ததில் தையல் இழுத்து முகம் சுளித்தார். "அத எழுதிக் குடுத்துப்போட்டீங்களே. சரி, வெளக்குக்கு வரட்டும். அதுக்கும் மொத நாளே எழுதிக் குடுத்துத்தான் வரோணும். வந்தா கூடத்தோட நிக்கோணும். பெட்ரூமு, சமையக்கட்டு, பீரோவெல்லாம் அந்த வரியில இல்லீங்களே?"

பூட்டை மாற்றிவிடவா என்றேன். "அந்த வம்புக்குப் போகாதீங்க. மொதல்ல மரியாதையா எழுதிக் குடுங்க. கேக்கலைன்னா வாடகை அதிகாரிகிட்டப் புகார் குடுக்கலாம். அக்ரிமென்ட் பதிவு பண்ணியிருக்கறது உங்களுக்கு நல்லது." கொஞ்சம் நிறுத்திவிட்டு இன்னொன்றும் சொன்னார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. பதினோரு மாசம் முடிஞ்சா அவங்க புதுப்பிக்க மாட்டேன்னு சொல்லலாம். அதுக்கு மேல இருந்தீங்கன்னா ரெட்டை வாடகை கேப்பாங்க."

பதினோரு மாதம் ஏப்ரல் கடைசியில் முடியும். பரீட்சை மார்ச்சில். எனக்கு அது போதும் என்று கணக்குப் போட்டேன்.

கடிதத்தை ஒரு முழுப் பக்கத்துக்கு, மரியாதையாக எழுதினேன். இரவு வேலை, பகல் தூக்கம், வயதுக்கு வந்த மகள், ஆகவே முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட்டு வரவும் என்று. மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், நகலை நேரிலும் கொடுத்தேன். அந்த அம்மா அதை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். படித்து முடித்ததும் அவர் கண்ணில் தண்ணீர்.

"எங்க மாமனார் கட்டுன ஊட்டுக்கு நான் சீட்டு எழுதிக் குடுத்துப்போட்டு வரோணுமா கண்ணு? உன்ன எம்பட புள்ளையாட்டத்தான நெனச்சுட்டிருந்தேன்?"

எனக்கும் அழுகை முட்டியது. அதுதான் அந்த ஊர்ப் பேச்சின் வல்லமை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். ஆனால் மகன் போனில் சட்டத்தைத் தேடிப் படித்துவிட்டு, "அம்மா, சிஸ்டர் சொல்றது சரிதானுங்க. ரூல் அப்படித்தான் இருக்குது" என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து மகளிடம் பெருமையாகச் சொன்னேன். ஆஸ்பத்திரி கேன்டீனிலிருந்து ஆளுக்கு ஒரு பப்ஸ்கூட வாங்கி வந்திருந்தேன்.

முதல் நோட்டீஸ் அடுத்த வாரமே வந்தது. டைப் செய்து, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு. 'சமையலறைக் குழாய் கசிவைப் பார்வையிட, நாளை மறுநாள் காலை பதினொரு மணிக்கு.' அடுத்தது மீட்டர் பெட்டி. அடுத்தது அமாவாசை விளக்கு. அடுத்தது பாத்ரூம் டைல்ஸ். இருபத்துநாலு மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறையாது. மகனுக்கு முறையின் மேல் பக்தி, அம்மாவுக்கு வருவதற்கு வழி. ரெண்டு பேரும் சேர்ந்து வாரத்துக்கு ஒரு காகிதம் தயாரித்தார்கள். வக்கீல் அம்மாவுக்குப் போன் செய்தேன். "எத்தன தடவைன்னு சட்டத்துல எண்ணிக்கை இல்லீங்க சிஸ்டர். தொந்தரவு பண்ணத்தான் வாராங்கன்னு காட்டுனா அதிகாரி கேப்பாரு. எல்லா நோட்டீசையும் பத்திரமா வெய்ங்க" என்றார். வைத்தேன். ஒரு பைல் ரொம்பியது.

எனக்கு அப்புறம்தான் புரிந்தது, அந்த இருபத்துநாலு மணி நேரம் யாருக்கு என்று. முன்பு சொல்லாமல் வந்தபோது ஒளித்து வைத்தது ஒளித்தபடியே கிடந்தது. இப்போது நோட்டீஸ் கையில் வந்ததும் எனக்குக் கை பரபரக்கும். பைபிள் எங்கே? மகள் நேற்று எடுத்தாளே, திரும்ப வைத்தாளா? அவள் புத்தகத்துக்குள் வைத்த மாதா படம் எங்கே? ஃப்ரிட்ஜில் மாட்டுக்கறி இருந்தால் அன்றே சமைத்துத் தின்று, ஊதுபத்தி கொளுத்தி, எலும்பைக் கறுப்புக் கவரில் கட்டி ஆஸ்பத்திரிக் குப்பையில் போட்டுவிட்டு வருவேன். தூக்கம் போய்விடும். வாடகைக்காரருக்கு அவகாசம் வேண்டும் என்று சட்டம் கொடுத்த ஒரு முழு நாளை, எங்களை நாங்களே துடைத்து அழிக்க வைத்துக்கொண்டேன். எந்த அதிகாரியும் இதைச் செய்யச் சொல்லவில்லை. நானேதான் செய்தேன், வெட்கமில்லாமல்.

நவம்பரில் அடைமழை பிடித்தது. படுக்கையறைச் சுவர் ஓதம் ஏறி, பீரோவுக்குப் பின்னால் சுண்ணாம்பு பொரிந்தது. இந்தத் தடவை நான்தான் எழுதிக் கேட்டேன், வந்து பாருங்கள், சரிசெய்து கொடுங்கள் என்று. பதிலாக நோட்டீஸ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி, படுக்கையறைச் சுவரைப் பார்வையிட. குறையே சொல்ல முடியாத நோட்டீஸ் அது. காரணம் நியாயமானது, நேரம் நியாயமானது.

சனிக்கிழமை நான் பீரோவைக் காலி செய்தேன். கல்யாணப் படத்தையும் பைபிளையும் ஒரு பையில் போட்டு, மகளிடம் கொடுத்து, "உன் ஸ்கூல் பேக்குக்குள்ள வெய்டி" என்றேன். அவள் பையை வாங்கிக்கொண்டாள். நான் டியூட்டிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடைத்து வீடு வந்து சேர பத்தரை. குளித்துவிட்டு வருவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். அன்று மணி அடித்தார்கள். அதையும் சொல்ல வேண்டும், மணி அடித்து, நான் கதவைத் திறந்த பிறகே உள்ளே வந்தார்கள்.

படுக்கையறைக்குள் நான்தான் முதலில் நுழைந்தேன். மகளின் படிப்பு மேசைக்கு மேலே, காலியாக இருந்த ஆணியில் எங்கள் கல்யாணப் படம் தொங்கியது. மேசையில் பைபிள். பக்கத்தில் மகள் நாற்காலியில் உட்கார்ந்து கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

மகன் சுவரைப் பார்த்தார். ஈரத்தில் விரலை வைத்துப் பார்த்துப் போனில் படம் எடுத்தார். அந்த அம்மா படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அந்தப் பக்கத்தில் ஒருவருக்கு ஊர் தெரிந்து, மதம் தெரிந்தால், மீதி இருக்கும் சாதியைத் தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம்கூட ஆகாது. அவருக்கு அந்த நேரம்கூட ஆகவில்லை.

"சொல்லியிருக்கலாமே அம்மணி" என்றார்.

குரலில் ஒரு சொட்டுக் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லையே என்று சொல்லியிருப்பேன். கேட்டிருந்தால் வீடு கொடுத்திருப்பீர்களா என்று கேட்டிருப்பேன். அவர் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். ஜூலையில் குடித்த காபி ஞாபகம் வந்ததோ என்னவோ. "செவுரப் பாத்தாச்சல்ல, வா சாமி போலாம்" என்று மகனை அழைத்துக்கொண்டு வெளியே போனார். மாடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர்கள் போனதும் மகளை அறைந்தேன். என் வாழ்நாளில் அவளை அடித்தது அதுதான் இரண்டாவது தடவை. "நாலு மாசம் பொறுக்க முடியாதாடி உனக்கு? வீட்ட விட்டுத் தொரத்தினா எங்கடி உக்காந்து படிப்ப?" என்று கத்தினேன்.

அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நீதானம்மா சட்டம் பேசுன? சொவத்தப் பாக்கத்தான வந்தாங்க? என் டேபிளப் பாக்கன்னு நோட்டீஸ்ல எங்க இருக்கு?"

அந்தச் சட்டத்தை எங்கள் வீட்டிலேயே ஒழுங்காகப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான்.

துரத்தவில்லை. அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். தண்ணீரை நிறுத்தவில்லை, கரண்டைப் பிடுங்கவில்லை. மகனுக்கு ரூல் தெரியும். நாலு நாள் கழித்து ஒரு நோட்டீஸ் வந்தது: பூஜை மாடத்திலுள்ள படத்தையும் விளக்கையும் எடுத்துச் செல்ல, மறுநாள் காலை பத்து மணிக்கு. மகன் மட்டும் வந்தார். படத்தைத் துணியில் சுற்றினார். மாடத்தைத் தண்ணீர் விட்டுத் துடைத்தார். "அம்மாவுக்கு முட்டி வலிங்க சிஸ்டர், இனி அங்கயே வெச்சு வெளக்கேத்திக்கறோம்னு சொன்னாங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அப்புறம் பாக்கெட்டிலிருந்து அந்தச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். நான் கடிதத்தில் கேட்கத் துணியாத சாவி. கேட்காமலே வந்தது.

அதற்குப் பிறகு வாரா வாரம் வந்த நோட்டீஸ் நின்றுவிட்டது. குழாய், டைல்ஸ், மீட்டர் பெட்டி எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டன போல. சுவரைப் பூச ஒரு கொத்தனாரை அனுப்பினார்கள், அதற்கு மட்டும் முதல் நாளே ஒரு நோட்டீஸ் வந்தது. அந்த அம்மா வரவில்லை. தெருவில் போகும்போது ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கேட்டுக்கு வெளியே நின்று, "ஏனுங்க சிஸ்டர்!" என்று கூப்பிடுவார். கண்ணு போய்விட்டது, அம்மணி போய்விட்டது. நான் வெளியே போய் நிற்பேன். தண்ணீர் நாளைக்கு வராதுங்க, குப்பையை இங்கே வைக்காதீங்க என்பார். அத்தனை 'ங்க'. என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

நான் பகலில் நன்றாகத் தூங்கினேன். காலை பத்திலிருந்து நாலு வரை, ஒரு சத்தமில்லாமல். ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. சர்ச் காலண்டர் கூடத்திலேயே தொங்கியது. மகள் மாடத்தில் தன் பரீட்சை அட்டவணையை ஒட்டி வைத்தாள். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனாலும் கேட்டருகே அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். சிலசமயம் தூக்கக் கலக்கத்தில், அந்த அம்மா வந்து குழம்புச் சட்டி மூடியைத் திறந்துவிட்டுப் போகக் கூடாதா என்றுகூடத் தோன்றும். அப்படித் தோன்றியதற்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

மார்ச் மாதம் அவள் பரீட்சை எழுதி முடித்தாள். கடைசிப் பரீட்சைக்கு மறுநாள் தபாலில் கடிதம் வந்தது. ஒப்பந்தக் காலம் ஏப்ரலுடன் முடிகிறது, புதுப்பிக்க விருப்பமில்லை, முறைப்படி ஒப்படைக்கவும். காரணம் எழுதவில்லை, எழுத வேண்டியதும் இல்லை. வக்கீல் அம்மாவிடம் காட்டினேன். ரெண்டு தடவை படித்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க சிஸ்டர்" என்று திருப்பிக் கொடுத்தார்.

கருமத்தம்பட்டிப் பக்கம் என் தோழி வீட்டு மாடியில் ஒரு போர்ஷன் கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போக ரெண்டு பஸ். சாமான் ஏற்றிய அன்று, வீட்டை ஒப்படைக்கும்முன் பார்வையிட வருவார்கள் என்று தரையெல்லாம் துடைத்துக் காத்திருந்தேன். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக, வாருங்கள், வந்து ஒவ்வொரு அறையாகப் பாருங்கள் என்று கூப்பிட எனக்கு ஆசையாக இருந்தது. அந்த அம்மா வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றார்.

"உள்ள வந்து பாத்துக்கோங்கம்மா. எல்லாம் சுத்தமா இருக்குது" என்றேன்.

"பரவால்லீங்க சிஸ்டர். வெள்ளையடிச்சுப்போட்டுத்தான் நாங்க உள்ள போவோம். சாவிய அந்தச் செவுத்து மேல வெச்சுருங்க, எடுத்துக்கறேன்."

வைத்தேன். நான் ரெண்டடி பின்னால் வந்த பிறகுதான் எடுத்தார்.

லாரியில் முன்சீட்டில் மகளை உட்கார வைத்துக்கொண்டு போகும்போது என் அப்பாவைப் பற்றி அவளிடம் சொன்னேன். அதுவரை சொன்னதில்லை. அப்பா வேலை பார்த்த தோட்டத்துக்காரர் காலையில் எங்கள் குடிசைக்கு முன்னால் வந்து நின்று கூப்பிடுவார். மழையில் நனைந்தாலும் வாசல்படி தாண்டமாட்டார். அப்பா காய்ச்சலில் கிடந்து கடைசி மூச்சு விட்ட அன்றும் வெளியே நின்றுதான் விசாரித்துவிட்டுப் போனார். அவரை உள்ளே வராமல் தடுக்க எங்களுக்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை.